81 சதவீதம் ஒருவரிடம் என்றால் மீதி யாரிடம்? எஃப்ஜிவி விவகாரத்தை வைத்து ஃப்ரீ ஃப்ளோட் விளக்கம்

பகாவ் டவுனைச் சுற்றி ஒரு பக்கம் தோட்டங்கள், இன்னொரு பக்கம் செர்த்திங், பாலோங் என்று பெல்டா குடியேற்றங்கள். அதனால் பெல்டாவின் பாமாயில் கம்பெனியான எஃப்ஜிவியின் பங்கைப் பற்றி இங்கே பேசாத காப்பிக்கடை கிடையாது. 2025-ல் அந்தக் கம்பெனி புர்சா மலேசியா பட்டியலிலிருந்து நீங்கியபோது, தோட்டத்திலிருந்து ஓய்வுபெற்று ஈபிஎஃப் பணத்தில் கொஞ்சம் பங்கு வாங்கி வைத்திருந்த பலருக்கும் ஒரே கேள்விதான். கம்பெனி நஷ்டத்தில் மூடவில்லை, ஆலைகள் ஓடுகின்றன, பங்கும் விலை போய்க்கொண்டிருந்தது, அப்புறம் ஏன் சந்தையிலிருந்து எடுக்கிறார்கள்? செய்திகளில் "பொதுப் பங்குடைமை அளவு போதவில்லை" என்று ஒரு வரி வரும், அதோடு விட்டுவிடுவார்கள்.

அந்த ஒரு வரிக்குள் இருக்கும் விஷயம்தான் ஃப்ரீ ஃப்ளோட். கம்பெனியின் மொத்தப் பங்கில் எவ்வளவு உண்மையில் சந்தையில் கைமாறக்கூடியது என்பதுதான் அது. மொத்தப் பங்கு, புரொமோட்டர் பங்கு, ஃப்ரீ ஃப்ளோட் மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டால் எஃப்ஜிவி கதை மட்டுமல்ல, நாளைக்கு வேறு எந்தக் கம்பெனியிலிருந்து உங்கள் பங்கை வாங்கிக்கொள்கிறோம் என்று சலுகைக் கடிதம் வந்தாலும் புரியாது.

## மூன்று எண்கள்

1. மொத்தப் பங்கு. கம்பெனி இதுவரை வெளியிட்ட எல்லாப் பங்கும் சேர்ந்தது. இதில் ஒரு கழிவு உண்டு. கம்பெனி தன் பங்கைத் தானே சந்தையில் வாங்கி, ரத்து செய்யாமல் வைத்திருந்தால் அதைக் கருவூலப் பங்கு என்கிறார்கள். அதற்கு ஓட்டு கிடையாது, டிவிடெண்டும் கிடையாது. ஆகவே எந்தச் சதவீதத்தைக் கணக்குப் போட்டாலும் கருவூலப் பங்கைக் கழித்துவிட்டுத்தான் போட வேண்டும்.

2. புரொமோட்டர் பங்கு. கம்பெனியை உருவாக்கியவர்கள், அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்கள், அவர்களுடைய குடும்பத்தார், அவர்கள் பெயரில் உள்ள முதலீட்டுக் கம்பெனிகள், எல்லாம் சேர்ந்து வைத்திருப்பது. இவர்கள் விலை 10 காசு ஏறிவிட்டது என்று விற்கமாட்டார்கள். விற்றால் ஆட்சி போய்விடும்.

3. ஃப்ரீ ஃப்ளோட். மொத்தத்திலிருந்து புரொமோட்டர் பங்கையும், அதோடு வேறு காரணங்களுக்காகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் பங்கையும் கழித்த பிறகு மிஞ்சுவது. "அதோடு வேறு காரணங்களுக்காக" என்ற பகுதியைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். 100-ல் புரொமோட்டருக்கு 53 என்றால் ஃப்ளோட் 47 என்று முடித்துவிடுகிறார்கள். அது பல நேரங்களில் தப்பு.

தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிய விஷயமல்ல. ஒரு தோட்டத்தின் மொத்த ஏக்கர் ஒன்று, அதில் நட்டது ஒன்று, காய் வெட்டக்கூடிய பருவத்தில் இருப்பது இன்னொன்று. மாதம் எத்தனை டன் வரும் என்று கேட்டால் யாரும் மொத்த ஏக்கரை வைத்துச் சொல்லமாட்டார்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம்மில் பலர் பங்குச் சந்தையைச் சென்னையிலிருந்து வரும் வீடியோக்களைப் பார்த்துத்தான் படிக்கிறோம். இந்தியாவில் ஒவ்வொரு காலாண்டும் கம்பெனிகள் புரொமோட்டர் இவ்வளவு, பொது இவ்வளவு என்று பிரித்து அறிக்கை கொடுத்தாக வேண்டும். அதனால் அங்கே அந்த எண் ஒரே வரியில் கிடைக்கும். மலேசிய ஆண்டறிக்கையில் அப்படி ஒரு வரியைத் தேடினால் கிடைக்காது. புரொமோட்டர் என்ற சொல் இங்கே பெரும்பாலும் கம்பெனி முதன்முதலில் பட்டியலிடும்போது வரும் விளக்கப் புத்தகத்தில்தான் இருக்கும். அதற்குப் பிறகு "பெரும் பங்குதாரர்", அதாவது 5% அல்லது அதற்கு மேல் வைத்திருப்பவர், அப்புறம் "இயக்குநர்கள்" என்ற இரண்டு பட்டியல்களிலிருந்து நாமே கூட்டிக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

## ஒரு கம்பெனியைப் பிரித்துப் பார்ப்போம்

ஒரு நடுத்தர பாமாயில் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டது, எந்த உண்மைக் கம்பெனியும் அல்ல.

வெளியிட்ட பங்கு 500 மில்லியன். கருவூலப் பங்கு 10 மில்லியன். ஆக, கணக்கில் எடுக்க வேண்டிய மொத்தம் 490 மில்லியன். அது யாரிடம் இருக்கிறது?

- குடும்ப முதலீட்டுக் கம்பெனி: 245 மில்லியன் (50%)
- நிர்வாக இயக்குநரான அண்ணன், தன் பெயரில்: 9.8 மில்லியன் (2%)
- தம்பியின் மனைவி: 4.9 மில்லியன் (1%)
- மாநில அரசின் ஒரு நிறுவனம்: 29.4 மில்லியன் (6%)
- ஈபிஎஃப்: 49 மில்லியன் (10%)
- மற்ற எல்லோரும்: 151.9 மில்லியன் (31%)

இப்போது "வெளியில் எவ்வளவு இருக்கிறது" என்ற ஒரே கேள்விக்கு மூன்று பதில் வருகிறது.

முதல் பதில், புரொமோட்டரைத் தவிர மற்ற எல்லாம். குடும்பத்தின் 53% போக 47%. இது சுலபமான கணக்கு, ஆனால் மாநில அரசு நிறுவனத்தின் 6 சதவீதத்தை நாளைக்கே சந்தையில் கிடைக்கும் பங்கு மாதிரி எண்ணிக்கொள்கிறது. அந்த நிறுவனம் அநேகமாக நிலம் கொடுத்ததற்கு ஈடாக அந்தப் பங்கைப் பெற்று, பத்து இருபது வருடமாகத் தொடாமல் வைத்திருக்கும்.

இரண்டாவது பதில், பங்குச் சந்தைக் குறியீடு தயாரிக்கிறவர்கள் போடும் ஃப்ரீ ஃப்ளோட். அவர்கள் குடும்பத்தையும் அரசு நிறுவனத்தையும் கழிப்பார்கள். ஈபிஎஃப் போன்ற ஓய்வூதிய நிதியைப் பொதுவாகக் கழிக்கமாட்டார்கள். காரணம், அது முதலீட்டுக்காக வாங்குகிறது, விலை சரியாக இருந்தால் விற்கவும் செய்யும். அப்படிப் பார்த்தால் 41%.

மூன்றாவது பதில், புர்சாவின் பட்டியல் விதிப்படியான பொதுப் பங்குடைமை. இதில் இயக்குநர்கள், 5% தாண்டிய பெரும் பங்குதாரர்கள், இவர்களோடு தொடர்புடையவர்கள் எல்லோரும் கழிவார்கள். அப்படியே கழித்தால் ஈபிஎஃப்பும் போய் 31% மிஞ்சும். ஆனால் பொதுமக்களின் பணத்தை நிர்வகிக்கும் சட்டபூர்வ நிதிகளையும் யூனிட் டிரஸ்ட்டுகளையும் சில நிபந்தனைகளோடு பொதுவாக ஏற்றுக்கொள்ள விதியில் இடம் உண்டு. அந்த நிபந்தனைக்குள் வந்தால் 41% ஆகும்.

47, 41, 31. மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே நாள். யாராவது "இந்தப் பங்கின் ஃப்ளோட் இவ்வளவு" என்று சொன்னால், எதைக் கழித்தீர்கள் என்று கேட்பதுதான் முதல் வேலை. இரண்டு கம்பெனியை ஒப்பிடும்போது ஒன்றுக்கு முதல் கணக்கும் மற்றதற்கு மூன்றாவது கணக்கும் எடுத்துக்கொண்டால் ஒப்பீடே அர்த்தமில்லாமல் போகும்.

## எங்கே தேடுவது, எங்கே தடுக்கி விழுவோம்

ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். பங்குடைமைப் பகுப்பாய்வு என்ற பகுதி இருக்கும். ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும், ஆனால் எல்லாக் கம்பெனிக்கும் ஏறக்குறைய ஒரே அமைப்புதான், ஒரு தடவை பழகிவிட்டால் போதும்.

1. மேலே தேதி இருக்கும். அந்தத் தேதிக்கு உள்ள நிலவரம் மட்டும்தான் இது. அதற்குப் பிறகு யாராவது வாங்கியிருந்தால் இதில் தெரியாது.
2. மொத்தப் பங்கையும் கருவூலப் பங்கையும் குறித்துக்கொள்ளுங்கள்.
3. பெரும் பங்குதாரர் பட்டியலில் நேரடிப் பங்கு, மறைமுகப் பங்கு என்று இரண்டு பத்தி இருக்கும். நேரடிப் பத்தியை மட்டும் முதலில் பாருங்கள்.
4. இயக்குநர்களின் பங்குப் பட்டியல், அதிலும் நேரடிப் பத்தி.
5. கடைசியாக 30 பெரிய கணக்குகளின் பட்டியல். இதில்தான் உண்மை நிலவரம் தெரியும்.

மூன்றாவது படியில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மேலே சொன்ன கம்பெனியையே எடுத்துக்கொள்ளுங்கள். குடும்ப முதலீட்டுக் கம்பெனியின் 50% அந்தக் கம்பெனியின் பெயருக்கு நேரே நேரடிப் பங்காக இருக்கும். அண்ணன் அந்த முதலீட்டுக் கம்பெனியில் பங்கு வைத்திருப்பதால், அதே 50% அவர் பெயருக்கு நேரே மறைமுகப் பங்காக இன்னொரு முறை வரும். தம்பி பெயருக்கு நேரே மூன்றாவது முறை. எல்லாவற்றையும் கூட்டினால் 150% தாண்டிவிடும். சட்டம் அப்படித்தான் அறிவிக்கச் சொல்கிறது, ஏனென்றால் அந்தப் பங்கின் மீது யாருக்கெல்லாம் செல்வாக்கு இருக்கிறது என்பதைக் காட்டுவதுதான் அந்தப் பட்டியலின் நோக்கம். நமக்கு வேண்டியது எத்தனை பங்கு பூட்டியிருக்கிறது என்பது. ஆகவே ஒரு பங்கை ஒரு தடவைதான் எண்ண வேண்டும்.

ஐந்தாவது படியில் வேறு மாதிரி சிக்கல். 30 பேர் பட்டியலில் பாதிக்கு மேல் நாமினி கணக்காக இருக்கும். அதாவது வங்கியோ தரகு நிறுவனமோ இன்னொருவருக்காக வைத்திருக்கும் கணக்கு. அடைப்புக்குள் சில நேரம் உண்மையான உரிமையாளர் பெயர் இருக்கும், சில நேரம் ஒரு எண் மட்டும் இருக்கும். ஒரே குடும்பத்தின் பங்கு நாலைந்து நாமினி கணக்கில் பிரிந்து, ஒவ்வொன்றும் 2%, 3% என்று சாதாரண முதலீட்டாளர் மாதிரி காட்சியளிக்கலாம். அதில் "அடமானம் வைத்த பங்கு" என்று குறிப்பு இருந்தால் அதையும் கவனியுங்கள். புரொமோட்டர் தன் பங்கை வைத்து வங்கியில் கடன் வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம். விலை பலமாக விழுந்தால் வங்கி அதை விற்கலாம். அன்றைக்கு வரை பூட்டியிருந்த பங்கு திடீரென்று சந்தையில் வந்து கொட்டும்.

புரொமோட்டர் ஒரு பட்டியலிட்ட கம்பெனியாகவே இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. கேஎல்கே என்று நாம் சொல்லும் கோலாலம்பூர் கெப்போங் கம்பெனியின் பாதியை நெருங்கும் பங்கு பத்து காவான் பெர்ஹாட்டிடம் இருக்கிறது. பத்து காவானும் புர்சாவில் பட்டியலிட்டதுதான், யார் வேண்டுமானாலும் அதன் பங்கை வாங்கலாம். அதற்காகப் பத்து காவான் வைத்திருக்கும் கேஎல்கே பங்கு சந்தையில் புழங்குகிறது என்று ஆகாது. அது கட்டுப்பாட்டுக்கான பங்கு, ஃப்ளோட்டில் சேராது.

## 25% விதி

புர்சாவில் பட்டியலிட்ட கம்பெனி, கருவூலப் பங்கு நீங்கலாக மொத்தப் பங்கில் குறைந்தது 25% பொதுப் பங்குதாரர்களிடம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். முதன்மைச் சந்தையில் பட்டியலிட வரும்போது, ஒவ்வொருவரும் 100 பங்குக்குக் குறையாமல் வைத்திருக்கும் 1,000 பொதுப் பங்குதாரராவது இருக்கவும் வேண்டும்.

ஏன் இப்படி ஒரு விதி? பட்டியலிட்ட கம்பெனி என்பதன் பொருளே, பங்கு வைத்திருப்பவர் தான் நினைத்த நாளில் நியாயமான விலைக்கு விற்க முடியும் என்பதுதான். நம் சமூகத்தில் மைக்கா ஹோல்டிங்ஸ் பங்கு வைத்திருந்த தோட்டத்துக் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1980-களில் சேமிப்பைப் போட்டு வாங்கினார்கள், கையில் பத்திரம் இருந்தது, ஆனால் கம்பெனி சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை. பணம் அவசரமாகத் தேவைப்பட்டபோது எந்தத் தரகரிடமும் கொடுத்து விற்க வழியில்லாமல் போனது. பட்டியலிட்டும் ஃப்ளோட் வற்றிப்போன கம்பெனியின் பங்குதாரர் கிட்டத்தட்ட அதே நிலைக்கு வந்துவிடுகிறார், விலை மட்டும் திரையில் ஓடிக்கொண்டிருக்கும்.

## எஃப்ஜிவியில் நடந்தது

எஃப்ஜிவி 2012 ஜூன் 28 அன்று பட்டியலிடப்பட்டது. மொத்தப் பங்கு சுமார் 3,648 மில்லியன். ஆரம்பத்தில் 4 வெள்ளிக்கு மேல் விற்ற பங்கு, பிறகு வருடக்கணக்கில் இறங்கியே வந்தது.

2020 டிசம்பரில் பெல்டா ஒரு காரியம் செய்தது. அந்தச் சமயத்தில் பெல்டா தரப்பிடம் இருந்தது பாதிக்கும் குறைவு. கேவாப் என்ற அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியிடமிருந்தும் உருஷார்த்தா ஜமாஆ நிறுவனத்திடமிருந்தும் சேர்த்து ஏறக்குறைய 14 சதவீதத்தை, பங்குக்கு 1 வெள்ளி 30 காசு என்று வாங்க ஒப்பந்தம் போட்டது. இரண்டுமே புரொமோட்டர் அல்லாத தரப்பு. சாதாரண முதலீட்டாளர் கண்ணுக்கு "வெளியில்" இருந்த 500 மில்லியனுக்கு மேற்பட்ட பங்கு, ஒரு கையெழுத்தில் "உள்ளே" போனது. திரையில் அன்றைய விற்பனை எண்ணிக்கையைப் பார்த்து ஃப்ளோட்டை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பெரிய கைகள் சந்தைக்கு வெளியேயே பேசி முடித்துவிடுவார்கள்.

அப்படி வாங்கியதால், ஒரு கம்பெனியின் கட்டுப்பாட்டைப் பிடிப்பவருக்கான கையேற்பு விதிப்படி மீதிப் பங்குதாரர் எல்லோருக்கும் அதே 1.30 விலையில் சலுகை கொடுத்தாக வேண்டிய கட்டாயம் வந்தது. 2021 மார்ச்சில் சலுகை முடிந்தபோது பெல்டா தரப்பிடம் சுமார் 81% சேர்ந்திருந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3,648 மில்லியனில் மீதி 19% என்றால் சுமார் 693 மில்லியன். விதிக்குத் தேவையான 25% என்றால் 912 மில்லியன். பற்றாக்குறை குறைந்தபட்சம் 219 மில்லியன் பங்கு. குறைந்தபட்சம் என்று சொல்வதற்குக் காரணம், அந்த 19 சதவீதத்துக்குள் 5% தாண்டியவர் யாராவது இருந்தால், விதிவிலக்கு இல்லாத பட்சத்தில் அவரையும் கழிக்க வேண்டும், இயக்குநர்கள் பங்கையும் கழிக்க வேண்டும். அந்தப் பற்றாக்குறையைத் தீர்க்க ஒன்று பெல்டா 1.30 விலைக்கணக்கில் 280 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் மதிப்புள்ள பங்கைத் திரும்ப வெளியில் விற்க வேண்டும், அல்லது கம்பெனி புதுப் பங்கு வெளியிட்டு வெளியாருக்குக் கொடுக்க வேண்டும், அல்லது மீதியையும் வாங்கிக் கம்பெனியைச் சந்தையிலிருந்தே எடுத்துவிட வேண்டும். ஆட்சியைப் பிடிக்கத்தான் வாங்கினார்கள், உடனே விற்க யாருக்கு மனசு வரும்? புர்சா கால அவகாசம் கொடுத்தது, பிறகு நீட்டித்தது, மறுபடியும் நீட்டித்தது. 2025-ல் பெல்டா அதே 1.30 விலையில் மீண்டும் சலுகையோடு வந்தது, அந்த ஆண்டிலேயே எஃப்ஜிவி பட்டியலிலிருந்து நீங்கியது.

நடுவில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2022-ன் தொடக்கத்தில் பாமாயில் விலை உச்சத்துக்குப் போனபோது இந்தப் பங்கு 2 வெள்ளியைத் தாண்டியது. முதல் சலுகையை மறுத்து வைத்திருந்தவர், அந்த நேரம் விற்றிருந்தால் நல்ல லாபம். விற்காதவருக்கு 2025-ல் வந்தது பழைய 1.30. ஃப்ளோட் குறைந்தால் விலை விழும் என்று நினைப்பது சரியல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஃப்ளோட் விலையின் திசையைத் தீர்மானிப்பதில்லை. வெளியேறும் வாசல் எவ்வளவு அகலம் என்பதைத்தான் தீர்மானிக்கிறது.

## வாசல் குறுகினால் திரையில் எப்படித் தெரியும்

பழைய கற்பனைக் கம்பெனிக்கே வருவோம். கடைசியாக விற்ற விலை 2.00 என்று போன் திரையில் காட்டுகிறது. உங்களிடம் 200 லாட், அதாவது 20,000 பங்கு. 40,000 வெள்ளி கையில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறீர்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அன்றைக்கே விற்றாக வேண்டும்.

வாங்குவோர் வரிசையைத் திறந்து பாருங்கள். 1.98-க்கு 40 லாட் கேட்கிறார்கள். அதற்குக் கீழே 1.96-க்கு 60 லாட். அதற்குக் கீழே 1.93-க்கு 100 லாட். முழுவதையும் இப்போதே விற்றால் 4,000 பங்குக்கு 7,920 வெள்ளி, 6,000 பங்குக்கு 11,760, 10,000 பங்குக்கு 19,300. மொத்தம் 38,980. தரகுக் கட்டணத்துக்கு முன்பே 1,020 வெள்ளி போய்விட்டது, அதோடு உங்கள் ஒருவர் விற்றதால் பங்கின் விலையே 1.93 ஆகிவிட்டது. நன்றாகப் புழங்கும் பங்கில் 1.99-லேயே ஆயிரக்கணக்கான லாட்டுக்கு ஆள் நிற்பார்கள், அடுத்தடுத்த விலைகள் ஒரு காசு இடைவெளியில் நிரம்பியிருக்கும்.

இதே வறட்சி மேல்நோக்கியும் வேலை செய்யும். விற்பவர் வரிசையில் பங்கு இல்லாதபோது சில லட்சம் வெள்ளி வைத்திருப்பவர் விலையை 10%, 15% ஏற்றிக் காட்டிவிடலாம். டெலிகிராம் குழுவில் "ஓடுது, ஓடுது" என்று வரும் பங்குகளில் நிறைய இந்த வகைதான். ஏறும்போது வாங்கியவர் இறங்கும்போது மேலே சொன்ன மூன்று வரி வரிசையில்தான் விற்க வேண்டும்.

புதிதாகப் பட்டியலிட்ட கம்பெனியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். முதன்மைச் சந்தையில் புரொமோட்டர்கள் தங்கள் பங்கைப் பட்டியலிட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்கு விற்கக் கூடாது. வளரும் கம்பெனிகளுக்கான ஏஸ் சந்தையில் அதற்குப் பிறகும் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். தடை முடியும் தேதி விளக்கப் புத்தகத்தைப் படித்தால் தெரிந்துவிடும். அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்துக்கொள்வது நல்லது.

## குறியீடும் ஃப்ளோட்டும்

"கம்பெனி இவ்வளவு பெரியது, குறியீட்டில் மட்டும் ஏன் இவ்வளவு சின்ன எடை?" என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான். 2009 ஜூலை 6 அன்று பழைய 100 கம்பெனிக் குறியீடு போய், 30 கம்பெனிகளைக் கொண்ட எஃப்பிஎம் கேஎல்சிஐ வந்தது. அதுவரை மொத்தச் சந்தை மதிப்பை வைத்து எடை கொடுத்தார்கள், அதிலிருந்து ஃப்ரீ ஃப்ளோட்டைப் பெருக்கிக் கொடுக்கிறார்கள். நம் உதாரணக் கம்பெனியின் மொத்த மதிப்பு 490 மில்லியன் பங்கு, 2 வெள்ளி வீதம், 980 மில்லியன் ரிங்கிட். ஆனால் குறியீடு பார்ப்பது அதில் 41 சதவீதத்தை, அதாவது 401.8 மில்லியனை மட்டும்தான். குறியீட்டைப் பின்பற்றும் நிதிகள் வாங்குவதும் அந்த அளவுக்குத்தான்.

போனஸ் பங்கு கொடுத்தால் ஃப்ளோட் கூடுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தால் மொத்தம் இரட்டிப்பாகும், புரொமோட்டர் பங்கும் இரட்டிப்பாகும், வெளியில் உள்ளதும் இரட்டிப்பாகும். சதவீதம் அப்படியே இருக்கும். வெளியாருக்குப் புதுப் பங்கு விற்றால் மட்டும்தான், அல்லது புரொமோட்டர் விற்றால்தான், சதவீதம் கூடும்.

## சலுகைக் கடிதம் வந்தால் இரண்டு 90-ஐப் பிரித்துப் படியுங்கள்

கையேற்புக் கடிதத்தில் 90% என்ற எண் அடிக்கடி வரும். அது ஒரே 90 அல்ல.

முதலாவது, மொத்தப் பட்டியலிட்ட பங்கில் 90%. வாங்குபவர் தரப்பு இதைத் தொட்டுவிட்டு, பட்டியலில் வைத்திருக்கும் எண்ணமில்லை என்றால், சலுகை முடிந்த சில வேலை நாட்களில் வியாபாரம் நிறுத்தப்படும், பிறகு பட்டியலிலிருந்து நீக்கலாம்.

இரண்டாவது, சலுகை கொடுக்கப்பட்ட பங்கில் 90%. வாங்குபவர் ஏற்கெனவே வைத்திருந்தது இதில் சேராது. இதைத் தொட்டால்தான், 2007-ம் ஆண்டு மூலதனச் சந்தை, சேவைகள் சட்டத்தின் 222-வது பிரிவின்படி, மறுத்தவர்களின் பங்கையும் கட்டாயமாக எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை வரும்.

நம் கம்பெனியில் குடும்பம் 53% வைத்திருக்கிறது. மீதி 47 சதவீதத்துக்குச் சலுகை கொடுக்கிறது. முதல் 90-ஐத் தொட இன்னும் 37% சேர்ந்தால் போதும். இரண்டாவது 90-க்கு 47-ல் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 42.3% சேர வேண்டும், மொத்தம் 95.3% ஆக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் சிறு பங்குதாரர்தான் பாவம். சந்தை மூடியிருக்கும், ஆனால் அவருடைய பங்கைக் கட்டாயமாக வாங்கவும் மாட்டார்கள். அவருக்காகத்தான் அதே சட்டத்தில் 223-வது பிரிவு இருக்கிறது. வாங்குபவர் மொத்தத்தில் 90 சதவீதத்தை எட்டியபின், என் பங்கையும் வாங்கிக்கொள் என்று சிறு பங்குதாரரே அவரைக் கேட்கலாம். இதற்கு ஒரு அறிவிப்புக் கடிதம் வரும், அதில் பதில் கொடுக்க வேண்டிய கடைசித் தேதி இருக்கும். முகவரி மாறியிருந்தால் அந்தக் கடிதம் பழைய தோட்டத்து லயத்துக்குப் போய்ச் சேரும், ஆகவே சிடிஎஸ் கணக்கில் உள்ள முகவரியைத் தரகரிடம் சொல்லி இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.